பிள்ளைக் காம்பராவுக்குள் வரும் கெமரா

கடந்த வருடம் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவைப் பார்க்க வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் வந்தார்கள். முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்ததால் பிள்ளைகளுக்குத் தலைவாரி, பவுடர் பூசி, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் பிஸ்கட் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் ஒரு தாய்மாமன் தன் தங்கைக்கு வட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பினார். வெளிநாட்டுத் தேயிலைக் கம்பனியொன்றின் பேஸ்புக் பக்கத்தில் அவளுடைய நான்கு வயது மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ஆங்கிலத்தில் பிள்ளையின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர். அம்மா மலைக்குப் போனதும் பிள்ளை நாள் முழுவதும் இங்கேதான் இருக்கிறாள் என்று ஒரு வரியும் இருந்தது.

தாய் ஒப்பீசுக்குப் போய்க் கேட்டாள். "நீதானே கையெழுத்துப் போட்டாய்" என்று கடதாசியை எடுத்துக் காட்டினார்கள். கையெழுத்து அவளுடையதுதான். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர்களை வரிசையாக எழுதி, மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி அச்சடித்து நீட்டிய தாள் அது. பால்மா கொடுப்பதற்கான பட்டியல் என்று நினைத்துத்தான் அவளும் மற்றவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இந்த விடயம் எங்களிடம் வந்தபோது, சங்கத்துக்குள்ளேயே சிலர், "நல்ல படந்தானே, பிள்ளை அழகாக இருக்கிறாள், இதற்கு ஏன் சண்டை?" என்றார்கள். படம் அழகாகத்தான் இருந்தது. எங்களுடைய பயம் அதன் கீழே எழுதியிருந்ததைப் பற்றியது. போனில் எடுக்கும் படத்துக்குள் இடத்தின் விபரம் பதிவாகும் என்று பலரும் எச்சரிக்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் பேஸ்புக்கில் போடும்போதும், வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போதும் அந்த விபரம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. நாமே கையால் எழுதிப் போடும் பெயரும் டிவிசனும் நீங்குவதில்லை. ஒரு பிள்ளையின் முகம், பெயர், இருக்கும் இடம், தாய் பக்கத்தில் இல்லாத நேரம் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் எழுதி முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுப்பதை எந்தத் தாயும் ஒத்துக்கொள்ளமாட்டாள். பாடசாலைப் பிள்ளை என்றால் பெயர்கூட வேண்டியதில்லை, சட்டையில் குத்திய பாடசாலைச் சின்னமே போதும்.

நம்மைப் படமெடுத்துத் தேயிலை விற்பது இன்று தொடங்கியதல்ல. கொழும்பில் பிளாட்டே கம்பனி போன்ற நிழற்பட நிலையங்கள் நூறு வருடங்களுக்கு முன்பே கொழுந்து பறிக்கும் பெண்களைத் தபால் அட்டைகளாக அச்சடித்து விற்றன. 1890இல் இங்கே தோட்டங்களை வாங்கத் தொடங்கிய லிப்டன், தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரம் செய்தபோதும் கூடை சுமந்த பெண்ணின் உருவம்தான் முன்னே நின்றது. அந்த அட்டைகளில் "தமிழ்ப் பெண்", "கொழுந்து பறிப்பவள்" என்று இருக்குமே தவிரப் பெயர் இருக்காது. அன்றைக்குப் பெயரே போடாமல் அவமதித்தார்கள், இன்றைக்குப் பிள்ளையின் பெயரையும் போட்டு ஆபத்தில் விடுகிறார்கள். இரண்டு காலத்திலும் கேட்காமல்தான் செய்தார்கள்.

பெரியவர்களின் படத்துக்கும் இதே கேள்வி உண்டு. படம் எடுக்கும் நாளில் மட்டும் புதுக் கொங்காணியும் கையுறையும் வருகிற கதை எல்லா டிவிசனிலும் இருப்பதால் அதை இங்கே நீட்டவில்லை. ஆனால் அடிக்கிற புருசனை விட்டுவிட்டு வேறு தோட்டத்தில் வந்து பெயர் பதிந்து வேலை செய்கிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஹோட்டல் விளம்பரத்தில் அவள் முகமும் மலையின் பெயரும் வந்தால் அவள் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடும். பிள்ளைக் காம்பராவைப் பார்க்கும் அக்காவுக்கும், பெக்டரியில் இராவேலை செய்கிறவருக்கும், டிஸ்பென்சரி மருத்துவிச்சிக்கும் தன் முகத்தை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு. சம்பளத்துக்கு அவர்கள் கொடுப்பது உழைப்பைத்தான்.

கையெழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தேயிலையின் பங்காளியான கோப்பியிலிருந்தே ஒரு கதை இருக்கிறது. 1986இல் அமெரிக்காவில் மொடலிங்கும் செய்துவந்த ஒருவர், நெஸ்லே கம்பனியின் கனடாக் கிளைக்காக இரண்டு மணித்தியாலம் கோப்பிக் கோப்பையைப் பிடித்தபடி நின்று 250 டொலர் வாங்கினார். படத்தைப் போத்தல் லேபலில் பாவித்தால் மேலும் 2,000 டொலர் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. பிறகு அவர் பாலர் வகுப்பு ஆசிரியராகிவிட்டார். 1997இல் நெஸ்லேயின் அமெரிக்கக் கிளை, தனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்து, அவருடைய முகத்தைக் கோப்பி லேபலில் போட்டது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. 2002இல் கடையொன்றில் தன் முகத்தையே போத்தலில் கண்டபிறகுதான் அவருக்கு விடயம் தெரிந்தது. 2005இல் ஜூரிகள் அவருக்கு 1 கோடி 56 இலட்சம் டொலர் கொடுக்கச் சொன்னார்கள். மேல்நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்து, அவர் வழக்குப் போட்டது காலம் கடந்தா இல்லையா என்று பல வருடம் வாதாடவைத்தன.

அந்தப் பெரிய தொகையைக் கேட்டு நாம் மயங்கிவிடக்கூடாது, அது அவர் கைக்கு அப்படியே வரவில்லை. நாம் கவனிக்க வேண்டியது, எங்கே பாவிக்கலாம், அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எழுதிய ஒரு கடதாசி அவரிடம் இருந்ததைத்தான். 16 வருடம் கழித்தும் அவர் வாய்திறக்க முடிந்ததற்கு அது பெரிய துணை. நம் பெரட்டுக் களத்துத் தாளில் படம் எங்கே போகும், எத்தனை வருடம் இருக்கும், வேறு யாருக்குக் கைமாறும் என்று ஒரு வார்த்தையும் இல்லை. அதன் பிரதிகூட நம் வீட்டில் இல்லை.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பிள்ளைகள் என்று கணக்கெடுத்து, அவர்களைப் பற்றிய தரவுகளை விசேட வகையில் வைத்திருக்கிறது. பிள்ளையின் சம்மதம் என்றால் அது தாய் தகப்பனுடைய அல்லது சட்டப்படியான பாதுகாவலருடைய சம்மதம். துரையோ, பாடசாலை அதிபரோ, எங்களைப் போன்ற ஆசிரியர்களோ அதைக் கொடுக்க முடியாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கியமான பகுதிகள் பிற்போடப்பட்டு, சட்டமும் திருத்தப்பட்டது. ஆகவே நாளைக்கே இதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போகலாம் என்று யாருக்கும் நாங்கள் ஆசை காட்டமாட்டோம். கம்பனியோடு பேசும் மேசையில் வைக்க அது இப்போதே உதவும்.

நம்மில் பலர் அறியாத இன்னொரு வழியும் உண்டு. படத்தைப் போட்ட கொள்வனவுக் கம்பனி ஜேர்மனியிலோ வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலோ இருந்தால், 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ள அங்கத்தைய தரவுச் சட்டம் அந்தக் கம்பனியைக் கட்டுப்படுத்தும். படத்தில் இருப்பவர் ஹற்றனில் வசித்தாலும் அந்தச் சட்டம் பொருந்தும். படத்தை நீக்கும்படி கேட்க அதன் 17ஆவது உறுப்புரை இடமளிக்கிறது. சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் கம்பனி பதில் சொல்ல வேண்டும், அதற்குப் பணம் கேட்க முடியாது. பிரித்தானியாவிலும் ஏறக்குறைய இதே சட்டம்தான்.

அந்தத் தாய்க்காக நாங்கள் செய்ததும் அதுதான். முதலில் பக்கத்தின் முகவரியும் திகதியும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்தோம், ஏனென்றால் முறைப்பாடு போனதும் பக்கம் மறைந்துவிடலாம், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. கோபத்தில் அந்தப் படத்தை வட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம் என்று உறவினர்களைக் கேட்டுக்கொண்டோம். பகிர்ந்தால் கம்பனி செய்ததையே நாமும் செய்கிறோம். பிறகு தாயின் பெயரில் கடிதம் எழுதினோம். எந்தப் படம், தான் பிள்ளைக்கு யார், படத்தை நீக்க வேண்டும், இதை வேறு யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற நான்கு விடயம்தான் அதில் இருந்தது. கடைசிக் கேள்வியை விட்டுவிடக்கூடாது. பிள்ளைக்கு ஆபத்து வரும் என்றோ, இழிவுபடுத்தும் படம் என்றோ தோன்றினால் கடிதத்தோடு நிற்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதும்போது எங்கள் பக்கமும் சுத்தமில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பரிசளிப்பு விழாப் படங்களைப் பெயரோடும் வகுப்போடும் பேஸ்புக்கில் போட்ட ஆசிரியர்கள் நாங்கள். போன மேதினப் பதாகைக்குக் கிழிந்த சட்டையோடு ஒரு பையனின் படத்தைப் போட்டோம். அவனுடைய அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, வகுப்பில் அவனை அந்தப் பதாகையைச் சொல்லியே கேலி செய்திருக்கிறார்கள். அரிசிப் பையோடு யூடியூப் காணொளி எடுக்க வருகிறவர்களைத் திட்டுவதற்கு முன்னால் எங்களை நாங்களே திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

படமே எடுக்கக்கூடாது என்பதல்ல எங்கள் நிலைப்பாடு. கைவேகத்தைக் காட்டி நிற்க விரும்பும் அக்காமார் இருக்கிறார்கள். ரோட்டோரத்தில் உல்லாசப் பயணிகளுக்கு நின்று காசு வாங்குவதும் அவரவர் தீர்மானம். கம்பனி, ஹோட்டல், நிறுவனம் எதுவானாலும் சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்கிறோம். பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க "இல்லை" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? ஆகவே படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விட வேண்டும். சங்கத் தலைவரோ மாதர் தலைவியோ கூட இருக்க வேண்டும். மறுத்தவரின் பெயருக்கோ வேலைக்கோ ஒன்றும் வராது என்று அதிலேயே எழுத வேண்டும். எங்கே பாவிப்பது, எத்தனை வருடம், என்ன கொடுப்பனவு என்பவை நிரப்பப்பட்டு ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் கூடாது என்பது எங்கள் எண்ணம், சிலர் ஐந்து என்கிறார்கள். பிள்ளைகளின் முகத்தோடு பெயரும் இடமும் சேர்ந்து வரவே கூடாது. பிள்ளைக் காம்பராவுக்குள் விளம்பரக் கெமராவே வேண்டாம், அதில் நாங்கள் விட்டுக்கொடுக்கமாட்டோம்.

முன்கூட்டியே கேட்பதற்குக் காரணம், பேஸ்புக் படத்தையாவது நீக்கலாம், தேயிலைப் பக்கற்றில் அச்சாகிக் கடைக்குப் போனதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

அந்தத் தாயின் கடிதத்துக்கு மூன்றாம் வாரம் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டுப் படத்தை நீக்கியிருந்தார்கள். சுற்றுலா முகவர் ஒருவருக்கும் கொடுத்திருந்ததாக அதில் எழுதியிருந்தார்கள். அந்த முகவருக்கு நாங்கள் இரண்டு கடிதம் அனுப்பிவிட்டோம், இன்னும் பதில் இல்லை. பிள்ளையின் படம் அங்கே இப்போதும் இருக்கிறது. மூன்றாவது கடிதத்தோடு, தமிழில் எழுதிய சம்மதப் படிவத்தின் வரைவையும் அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளையின் படம் எங்காவது இருப்பதாகத் தெரிந்தால், திரையைப் படமெடுத்துத் திகதியோடு கொண்டுவாருங்கள்.