வெரி பொயிலிங்கும் குவைட் குட்டும்

ஆங்கிலம் படிக்கிற ஆக்களுக்குக் குடுக்கிற பயிற்சித் தாள்களில ஒரு வகை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மேல ஒரு பெட்டிக்குள்ள நாலு சொல்லு இருக்கும்: வெரி, குவைட், எக்ஸ்ட்ரீம்லி, அப்சலூட்லி. கீழ இடைவெளி விட்ட வசனங்கள். கோல்ட், ஃப்ரீசிங், டயர்ட், எக்ஸோஸ்டட் எண்டு ஒவ்வொரு வசனத்திலயும் ஒரு பெயரடை. எது எதோட போகும் எண்டு நிரப்ப வேணும். இலக்கணப் பதிவு எண்டு ஓடிப்போகாதேங்கோ மக்களே, தமிழிலயும் இதே விளையாட்டு இருக்கு. அதையும் சேர்த்துத்தான் சொல்லப் போறன்.

முதல்ல விதி என்னெண்டு பாப்பம். கோல்ட், பிக், டயர்ட் மாதிரிச் சொற்களுக்கு ஏணி உண்டு. கொஞ்சம் குளிர், நல்ல குளிர், சரியான குளிர் எண்டு ஏறிக்கொண்டே போகலாம், முடிவு இல்லை. இவையளோட வெரி, எக்ஸ்ட்ரீம்லி போகும். ஃப்ரீசிங், எனோமஸ், எக்ஸோஸ்டட் எல்லாம் ஏணியின்ர உச்சியிலயே குந்தியிருக்கிற சொற்கள். 'மிக' எண்ட கருத்து அவைக்குள்ளயே அடங்கியிருக்கு. அதால வெரி ஃப்ரீசிங் எண்டு எழுதினா சிவப்புக் கோடு. அப்சலூட்லி ஃப்ரீசிங் எண்டால் சரி. திருப்பிப் போட்டு அப்சலூட்லி கோல்ட் எண்டாலும் பிழை, ஏனெண்டால் அப்சலூட்லி 'கடைசி மட்டும்' எண்டு சொல்லுற சொல்லு. கோல்டுக்குக் கடைசி இல்லை.

இது தமிழ் ஆக்களுக்குப் பிடிபடாது எண்டு சிலர் சொல்லுவினம். எங்கட வழிகாட்டிப் புத்தகங்களில நாலு சொல்லுக்கும் 'மிகவும்' எண்டு ஒரே கருத்துத்தான் பெரும்பாலும் போட்டிருக்கும். பழைய இலக்கணமும் இந்தப் பக்கம் அதிகம் உதவாது. நன்னூல் மிகுதி எண்ட ஒரே பொருளுக்கு நனி, தவ, உறு, சால, கழி, கூர் எண்டு ஆறு உரிச்சொல்லை ஒண்டா நிறுத்துது. அதைப் பாடமாக்கின மனசு இங்கிலிசு நாலையும் ஒரே கூடைக்குள்ள போடுறதில ஆச்சரியம் இல்லை.

ஆனா எங்கட காதுக்கு வித்தியாசம் தெரியும். 'கறுப்பு'க்கு முன்னால 'சரியான' போடலாம், தமிழ்நாட்டு நண்பர்கள் 'ரொம்ப' போடலாம். 'கன்னங்கரேல்' எண்ட சொல்லுக்கு முன்னால போட்டுப் பாருங்கோ. 'ரொம்பக் கன்னங்கரேல்'... நாக்கு தடக்குது, இல்லையா? பச்சைப்பசேல், வெள்ளைவெளேர், செக்கச்செவேல், தன்னந்தனி எல்லாம் இப்பிடித்தான். சொல்லை இரட்டிச்ச உடனேயே உச்சிக்கு ஏத்திவிட்டாச்சு, அதுக்கு மேல 'மிக'வுக்கு வேலை இல்லை. கன்னங்கரேல்தான் எங்கட ஃப்ரீசிங்.

அதே மாதிரி அப்சலூட்லிக்குப் பக்கத்தில வாறது எங்கட 'முழுக்க'. மழையில முழுக்க நனைஞ்சு போனன் எண்டு சொல்லலாம். தொட்டி முழுக்க நிரம்பிட்டுது எண்டும் சொல்லலாம். 'பெடியன் முழுக்க உயரம்' எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம். நனையிறதுக்கும் நிரம்புறதுக்கும் ஒரு எல்லை உண்டு, உயரத்துக்கு எல்லை இல்லை. ஒரு வாத்தியார் இந்த ரெண்டு உதாரணத்தோட தொடங்கினால் பத்து நிமிசத்தில முடியிற பாடம் இது. அதை விட்டிட்டு ஹொட் - பொயிலிங், பிக் - எனோமஸ், பாட் - டெரிபிள் எண்டு சோடி சோடியா அட்டவணை போட்டுப் பாடமாக்கச் சொல்லுகினம்.

இஞ்ச ரொக்ஸ்பரோவில எங்கட மச்சாள் (அண்ணாவின்ர மனிசி) பின்னேர வகுப்புக்குப் போறா. போன மாதம் இப்பிடி ஒரு தாளைச் சாப்பாட்டு மேசையில விரிச்சு வைச்சுக்கொண்டு என்னைக் கூப்பிட்டா. தாளின்ர தலைப்பு 'எக்ஸ்ட்ரீம் அட்ஜெக்டிவ்ஸ்'. "தம்பி, தலைப்பிலயே எக்ஸ்ட்ரீம் எண்டு கிடக்கு. பிறகேன் எக்ஸ்ட்ரீம்லி போட்டதுக்கு மட்டும் பிழை போட்டிருக்கு?" எண்டு கேட்டா. நியாயமான கேள்வி! எக்ஸ்ட்ரீம்லி எண்ட சொல்லு எக்ஸ்ட்ரீம் சொற்களோட போகாது. அது வெரியின்ர அண்ணன், அவ்வளவுதான். ஏணியில வெரியை விட நாலு படி மேல நிக்கும், ஆனா ஏணியிலதான் நிக்கும். எக்ஸ்ட்ரீம்லி கோல்ட் சரி, எக்ஸ்ட்ரீம்லி ஃப்ரீசிங் பிழை. பேர் வைச்சவையின்ர குழப்பத்துக்கு மச்சாளுக்குப் புள்ளி போட்டுது.

அவவின்ர தாளை இன்னும் கொஞ்சம் பாப்பம். 'த சூப் இஸ் ___ பொயிலிங்' எண்டு ஒரு வசனம். அவ வெரி போட்டிருந்தா, பிழை. சரிதான். ஆனா இதே பொயிலிங் அடுப்பில கொதிக்கிற தண்ணியைச் சொல்லேக்க வெறும் வினை, நாலு சொல்லில ஒண்டும் தேவைப்படாது. ஃப்ரீசிங்கும் அப்பிடித்தான். மொன்றியல்காரருக்கு 1998 ஜனவரி ஐஸ் புயல் மறக்காது. அப்ப கொட்டினது ஃப்ரீசிங் ரெயின். அது விழுந்த இடத்தில உறையிற ஒரு மழை வகையின்ர பேர், எவ்வளவு குளிர் எண்டு சொல்ல வந்த சொல் இல்லை. 'அப்சலூட்லி ஃப்ரீசிங் ரெயின்' எண்டு வானிலை அறிவிப்பில வராது. ஆக உச்சிச் சொல் எண்டது சொல்லில மட்டும் இல்லை, அதை என்னத்துக்குப் பாவிக்கிறம் எண்டதிலயும் இருக்கு. அட்டவணைக்கு இது தெரியாது.

இன்னொரு வசனம்: 'ஐ ஆம் ___ எக்ஸோஸ்டட்'. இதுக்கும் வெரி போடக்கூடாதாம். ஆனா எங்கட பஸ்ஸில, நூலகத்தில வெரி எக்ஸோஸ்டட் எண்டு பிறப்பிலயே இங்கிலிசு பேசுற ஆக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறன். உச்சிச் சொல் பாவிக்கப் பாவிக்கத் தேயும், பிறகு ஏணியில ஏத்தலாம். 'பிரம்மாண்டம்' எண்ட சொல்லுக்குத் தமிழில நடந்ததும் இதுதான். 'ரொம்பப் பிரம்மாண்டமா எடுத்திருக்காங்க' எண்டு இப்ப ஆரும் கூசாமல் சொல்லுகினம். பரீட்சைக்கு வெரியைத் தவிர்க்கலாம். அதுக்காக அதைச் சொன்ன ஆளுக்கு இங்கிலிசு தெரியாது எண்டு நினைக்கக்கூடாது.

உச்சிச் சொற்கள் எண்டு ஒரு பெட்டிக்குள்ள போடுறதே ரெண்டு சாதி. எனோமஸ், டெரிபிள் மாதிரி மிகைப்படுத்துற சொற்கள் ஒண்டு. ஃபுல், டெட், இம்பொசிபிள் மாதிரி எல்லையைத் தொடுற சொற்கள் மற்றது. பிரிச்சுப் பாக்க ஒல்மோஸ்ட் போட்டுப் பாருங்கோ. ஒல்மோஸ்ட் ஃபுல், ஒல்மோஸ்ட் இம்பொசிபிள் ரெண்டும் வடிவா நிக்கும். ஒல்மோஸ்ட் எனோமஸ் நிக்காது. அப்சலூட்லி ரெண்டோடயும் போற படியால் தாள் எழுதினவைக்கு வித்தியாசம் தெரியாமலே போயிடுது.

சரி, எனக்கு உண்மையான கோபம் எங்க எண்டால்... குவைட்டில. மச்சாளின்ர தாளில இருபது இடைவெளி. அதில குவைட்டுக்கு ரெண்டே ரெண்டு. நாலு சொல்லில உண்மையிலேயே கேடு செய்யக்கூடியது அது ஒண்டுதான். வெரி பொயிலிங் எண்டு சொன்னா கேக்கிறவர் சிரிச்சுப்போட்டு விளங்கிக்கொள்ளுவார். குவைட்டைப் பிழையா விளங்கினால் விசயமே தலைகீழ்.

பிரித்தானிய இங்கிலிசில குவைட் குட் எண்டால் பெரும்பாலும் 'ஓரளவு நல்லம்'. குவைட் இம்பொசிபிள் எண்டால் 'முற்றாக நடக்காது'. ஒரே சொல், ஏணிச் சொல்லோட வந்தால் கருத்தைக் கீழ இழுக்குது, எல்லைச் சொல்லோட வந்தால் கடைசி மட்டும் தள்ளுது. குவெர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நாலு பேரும் 1985இல வெளியிட்ட அந்தத் தலையணைச் சைஸ் இலக்கண நூலிலயும் குவைட்டுக்கு ரெண்டு இடம்: கூட்டுற சொற்களோட ஒண்டு, குறைக்கிற சொற்களோட ஒண்டு. குவைட் சிமிலர் எண்டால் ஓரளவு ஒத்தது, குவைட் டிஃபரன்ட் எண்டால் அறவே வேற. நொட் குவைட் ரெடி எண்டால் கிட்டத்தட்ட ஆயத்தம், இன்னும் கொஞ்சம் மிச்சம்.

இது காணாதெண்டு வட அமெரிக்காவில குவைட் குட் பெரும்பாலும் வெரி குட்டுக்குப் பக்கத்தில வந்திடும். எங்கட துறையில ஒரு நண்பனுக்கு நடந்தது இது. லண்டன் பக்கம் வளர்ந்த பேராசிரியர் ஒருத்தர் அவன்ர ஆய்வறிக்கையின்ர முதல் அத்தியாயத்தைப் பாத்திட்டு மின்னஞ்சலில குவைட் குட் எண்டு எழுதினார். இவன் கனடாக் காதோட வாசிச்சு, பாராட்டு எண்டு நினைச்சு, அடுத்த அத்தியாயத்துக்குப் போயிட்டான். அவர் சொல்ல வந்தது 'பரவாயில்லை, இன்னும் வேலை கிடக்கு' எண்டு. மூண்டு கிழமை கழிச்சுச் சந்திச்சபோதுதான் விளங்கிச்சு, முதல் அத்தியாயத்தில பாதியைத் திருப்பி எழுதவேண்டி வந்தது.

இந்த 'பரவாயில்லை'தான் குவைட்டுக்குச் சரியான தமிழ் எண்டு நான் நினைக்கிறன். சாப்பாடு எப்பிடி எண்டு கேட்டு, இழுத்து 'பரவாயில்லை...' எண்டால் சமைச்ச ஆளின்ர முகம் விழுந்திடும். அதையே புருவத்தை உயர்த்தி 'பரவாயில்லையே!' எண்டால் பாராட்டு. பிரித்தானியர் வாயில குவைட்டும் இப்பிடித்தான். குவைட்டை அழுத்திச் சொன்னால் பாராட்டு இறங்கும், பின்னால வாற குட்டை அழுத்தினால் ஏறும். கடுதாசியில அழுத்தம் தெரியாது, அதாலதான் நண்பன் மாட்டுப்பட்டான்.

இதை இடைவெளி நிரப்பிப் படிக்க ஏலாது. அஞ்சு வசனத்தைக் குடுத்து 'இதைச் சொன்னவருக்கு உண்மையில பிடிச்சதா, பிடிக்கேல்லையா? எந்த ஊர்க்காரர்?' எண்டு கேக்க வேணும், வாசிச்சுக் காட்டவும் வேணும். திருத்துறது கஸ்டம்தான், ஒரே விடை வராது. வெரியா அப்சலூட்லியா எண்ட கேள்விக்கு ஒரே விடை வரும், கண்ணை மூடிக்கொண்டு புள்ளி போடலாம். இருபதில பதினெட்டு ஏன் அதுக்குப் போச்சுது எண்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச காரணம் இதுதான்.

மச்சாள் இப்ப ஐயம் வந்தால் 'ரியலி' போடுறா. அது ரெண்டு பக்கமும் போகும்: ரியலி கோல்ட், ரியலி ஃப்ரீசிங். பெட்டிக்குள்ள அந்தச் சொல் இல்லாத படியால் தாளில புள்ளி கிடைக்காது, கடையில கதைக்கக் காணும்.

கன்னங்கரேல் மாதிரி இரட்டிச்ச சொற்கள் உங்கட ஊரில வேற என்ன இருக்கு? மட்டக்களப்பு, மலையகம், கொங்குநாட்டு ஆக்கள் முக்கியமாப் பின்னூட்டத்தில போடுங்கோ. அதுக்கு முன்னால 'ரொம்ப' போட்டால் காது ஒத்துக்கொள்ளுதோ இல்லையோ எண்டும் எழுதுங்கோ.