போட்டிருக்கும் ஃப்ராக், விரித்து வைத்த படமாக மாறுவது எப்படி? எங்கே சறுக்கும்?

ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூரில் ஒருவர் ஆர்டர் எடுத்து குழந்தைகளுக்கான ஃப்ராக் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தைத்த ஃப்ராக் கைமாறிவிட்டது. அவரிடம் மிஞ்சியது, குழந்தை அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரே ஒரு வாட்ஸ்அப் போட்டோ. இப்போது அதே மாடலை ஆன்லைனில் விற்கணும். ஆனால் அமேசான் போன்ற தளங்கள் குழந்தைகள் ஆடைக்கு முதல் படமாகக் கேட்பது, யாரும் போட்டிராத, விரித்து வைத்த ஆடையின் படத்தை. இதைத்தான் 'ஃப்ளாட் லே' என்கிறார்கள். பின்னணி சுத்த வெள்ளையாக இருக்கணும், படத்தில் 85 சதவீத இடத்தை ஆடை நிரப்பணும்.

கையில் இருக்கும் அந்த ஒரு போட்டோவிலிருந்து இப்படி ஒரு படத்தை உருவாக்க முடியுமா? ஏஐ கருவிகள் முடியும் என்கின்றன. எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் விஷயம்.

பின்னணியை நீக்கினால் போதாதா?

போதாது. பின்னணியை நீக்கும் ஆப், ஆடையைச் சுற்றி வெட்டித் தரும், அவ்வளவுதான். உடம்பு கொடுத்த வடிவம் அப்படியே இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். ஃப்ராக்கின் மார்புச் சுற்றளவு 26 இன்ச். தரையில் விரித்தால் அதன் அகலம் பாதி, அதாவது 13 இன்ச். குழந்தை போட்டிருக்கும்போது துணி உடம்பைச் சுற்றி வளைந்து போகிறது. முன்னாலிருந்து எடுத்த போட்டோவில் தெரியும் அகலம் சுமார் 10 இன்ச்தான். மீதி 3 இன்ச் எங்கேயும் போகவில்லை, இரண்டு ஓரங்களிலும் நெருக்கிப் பிடித்த மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது. இதை அப்படியே வெட்டி வெள்ளையில் ஒட்டினால், ஃப்ராக் ஒல்லியாக, ஓரத்துக் கட்டங்கள் நசுங்கித் தெரியும்.

அப்போ ஏஐ என்ன செய்கிறது?

இந்த வேலைக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'வெர்ச்சுவல் ட்ரை-ஆஃப்'. ஆடையை ஒருவருக்குப் போட்டுக் காட்டும் 'ட்ரை-ஆன்' தொழில்நுட்பத்தைத் திருப்பிப் போட்டது. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 நவம்பரில் 'ட்ரைஆஃப்டிஃப்' என்ற மாடலை இதற்காகவே வெளியிட்டார்கள்.

இந்த மாடல் ஆடையை வெட்டி எடுப்பதில்லை. போட்டோவைப் பார்த்துவிட்டு, அந்த ஆடை தனியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று புதிதாக ஒரு படம் வரைகிறது. தலைமுடி மறைத்த தோள், கை மறைத்த பக்கவாட்டு, கழுத்துக்குப் பின்னால் தெரிய வேண்டிய உள்பக்கம் எல்லாமே அதன் யூகம்தான். யூகம் எங்கிருந்து வருகிறது? பயிற்சியில் பார்த்த படங்களிலிருந்து. ட்ரைஆஃப்டிஃப் பயிற்சி பெற்ற 'விட்டான்-ஹெச்டி' தொகுப்பில் 13,000-க்கும் அதிகமான ஜோடிப் படங்கள் உண்டு. எல்லாமே பெண்களின் மேலாடை. குழந்தை ஃப்ராக்கின் குடை மாதிரி விரியும் பாவாடையோ, அடுக்கடுக்கான ஃப்ரில்லோ அதற்குப் பழக்கமில்லாதவை. சந்தையில் கிடைக்கும் மற்ற கருவிகளும் வரைந்துதான் தருகின்றன என்பதால், அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான்.

நல்ல படம் வர என்ன கொடுக்கணும்?

யூகத்துக்கு இடம் குறையக் குறைய படம் நம்பகமாக வரும். குழந்தை நேராக நிற்கணும், கைகள் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கணும், முடி தோளுக்குப் பின்னால் போகணும். கேமரா குழந்தையின் மார்பு உயரத்தில் இருக்கணும். பெரியவர் நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் பாவாடை சுருங்கித் தெரியும். போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் பூ வேலைப்பாடு மங்காமல் வரும்.

இன்னொரு முக்கியமான பொருள் தைத்தவரிடமே இருக்கும்: வெட்டியதில் மிஞ்சிய துண்டுத் துணி. அதை ஒரு வெள்ளைத் தாள் பக்கத்தில் வைத்து, பகலில் நிழலான இடத்தில் ஒரு போட்டோ எடுக்கணும். நிறமும் நெசவும் எப்படி இருக்கணும் என்பதற்கு அதுதான் சாட்சி. மாலை வெயிலில் எடுத்த போட்டோவை மட்டும் நம்பினால், வெள்ளைத் துணி சந்தன நிறத்தில் வந்து நிற்கும்.

வந்த படம் சரியா? கண்டுபிடிப்பது எப்படி?

ஏஐ வரைந்த படம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதனால்தான் எண்ணிப் பார்க்கணும், அளந்து பார்க்கணும்.

முதலில் எண்ணிக்கை. துணியில் 1 இன்ச் கட்டங்கள் என்றால், மார்புப் பகுதியில் குறுக்கே 13 கட்டங்கள் வரணும். படத்தில் 10 இருந்தால், மாடல் ஓரங்களை விரிக்காமல் விட்டுவிட்டது. 16 இருந்தால் சொந்தமாகச் சேர்த்துவிட்டது. பட்டன், பூ, ஃப்ரில் அடுக்கு எல்லாவற்றையும் இப்படியே எண்ணலாம்.

அடுத்து விகிதம். ஃப்ராக்கின் நீளம் 24 இன்ச், விரித்த மார்பு அகலம் 13 இன்ச். 2000 பிக்ஸல் உயரப் படத்தில் ஃப்ராக் 1700 பிக்ஸல் நீளம் இருந்தால், மார்பு அகலம் ஏறக்குறைய 920 பிக்ஸல் வரணும். 750 என்றால் ஒல்லியாகிவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்து வாங்குபவர் அளவைத் தவறாகக் கணிப்பார்.

மூன்றாவது, கழுத்தின் உள்பக்கம். பயிற்சிப் படங்களில் அங்கே பிராண்ட் லேபிள் இருந்ததால், மாடல் இங்கேயும் எழுத்து மாதிரி ஏதோ கிறுக்கி ஒரு லேபிளை ஒட்டிவிடும். வீட்டில் தைத்த ஃப்ராக்கில் ஏது லேபிள்?

இதில் எது தப்பினாலும் நஷ்டம் தைத்தவருக்குத்தான். 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய அம்சங்கள் பொருளில் இல்லை என்றால், திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்க முடியாது. படத்தில் மூன்று அடுக்கு ஃப்ரில், பார்சலில் இரண்டு அடுக்கு என்றால், "ஏஐ போட்டது" என்ற பதில் செல்லாது. ஃப்ராக் மலையேறித் திரும்பி வரும்.

குழந்தையின் முகம்?

கடைசிப் படத்தில் குழந்தை இருக்காது. ஆனால் கருவியில் ஏற்றும் போட்டோவில் இருக்கிறதே! 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிறையாத எல்லாருமே குழந்தைகள். அவர்களுடைய தரவைக் கையாள பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பெற்றோர் போட்டோ அனுப்பியது ஃப்ராக் நல்லா இருக்கு என்று காட்டத்தான். எனவே கேட்டுவிட்டு, கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு ஏற்றுவதே முறை. மாடலுக்கு முகம் தேவையே இல்லை.

எப்போது இது வேண்டாம்?

எளிய ஒற்றை நிற ஃப்ராக், எண்ணிப் பார்த்ததில் எல்லாம் சரி என்றால் பயன்படுத்தலாம். கையால் போட்ட பூ வேலைப்பாடு என்றால் வேண்டாம். ஒவ்வொரு தையலையும் ஏஐ மாற்றி வரையும், எண்ணியும் சரிபார்க்க முடியாது. அதற்கு அடுத்த ஃப்ராக்கை அனுப்பும் முன் இஸ்திரி போட்டு, நிழலில் வெள்ளை வேட்டி மேல் விரித்து, நாற்காலி மேல் ஏறி நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுப்பதே மேல். பின்னணி நீக்கும் ஆப் போதும், யூகம் எதுவும் தேவையில்லை.