'வைப்ரன்ட்' புங்குடுதீவுக்கு ஒரு கிணறு வேணும்

சனசமூக நிலையம், கோயில் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம் எண்டு எல்லாரும் இப்ப ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார்கள். எழுதவேண்டியும் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புங்குடுதீவை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்ந்து, உழைக்கவும் தொடங்கிவிட்டார்கள். கனபேர் தமிழ் கதைப்பார்கள், வாசிக்கமாட்டார்கள். சுவிஸிலும் பிரான்ஸிலும் இருக்கிற மச்சான் மச்சாள்மாரோடு அவர்களுக்குப் பொதுவான மொழியும் ஆங்கிலம்தான். அதனால் ஊரில் இருந்து போகிற கடிதம் ஆங்கிலத்தில் போகிறது. அதில் பிழை காண ஒன்றுமில்லை.

பிழை, அந்தக் கடிதம் எப்படித் தயாராகிறது என்பதில். போனை எடுத்து, "புங்குடுதீவில் குடிதண்ணிப் பிரச்சினை, கிணறு திருத்தக் காசு வேணும், நல்ல இங்கிலிஸில எழுது" என்று தட்டினால் அரை நிமிசத்தில் ஒரு பக்கம் வந்துவிடும். இலக்கணம் சுத்தம். ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வொட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். அங்கே வாசிக்கிறவர் இரண்டாவது வரியிலேயே விட்டுவிடுகிறார். அதே மாதிரிக் கடிதம் அவருக்கு எத்தனையோ இடத்தில் இருந்து வருகிறது. ஊர்ப் பெயர் மட்டும்தான் வேறு.

இது புதுநோய் இல்லை. இயந்திரம் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்னமே கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதிக்கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். "ஐயா அவர்களின் பாதாரவிந்தங்களில் மிகத் தாழ்மையுடன்" என்ற தோரணையில் ஆங்கிலத்தில் தொடங்கி, "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று முடியும். நடுவில் காணிப் பிரச்சினையோ பென்சனோ ஏதோ ஒன்று. யார் போனாலும் அதே தொடக்கம், அதே முடிவு. கேட்கிற ஆளின் குரல் அந்தத் தாளில் இருக்காது. இப்ப பெட்டிசகாரர் சட்டைப்பைக்குள் வந்துவிட்டார், காசும் வாங்குவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுக்கு வருகிற மறுப்பு எனக்குத் தெரியும். "இங்கிலிஸ் தெரியாத தீவுப் பெடியளுக்குக் கிடைச்ச ஒரேயொரு சமத்துவம் இது. அதையும் குறை சொல்லுறியளோ?" நியாயமான கேள்வி. இயந்திரத்திடம் வரைவு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. வாங்கின வரைவை அப்படியே கையெழுத்திட்டு அனுப்புவதைத்தான் சொல்கிறேன். இன்னொரு கூட்டம் இதைவிட மோசமான யோசனை சொல்லும்: இயந்திரம் எழுதியதென்று கண்டுபிடிக்கும் செயலிகளிடம் மாட்டாமல் இருக்க, சொல்லை மாற்று, வேண்டுமென்றே இரண்டு எழுத்துப் பிழை விடு என்று. அந்தச் செயலிகளின் லட்சணம் 2023இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வில் தெரிந்துவிட்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபல் பரீட்சைக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியது என்று சொல்லின. அப்படிப்பட்ட காவல்காரனுக்கு ஒளித்து எழுதுவதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. வாசிக்கப்போகிற ஆளுக்காக எழுதுவோம்.

ஒரு மாதிரி வரைவை எடுப்போம். இது என் கற்பனைதான், ஆனால் பார்த்தவுடன் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். ஆறு வசனம். ஒன்று: இந்து சமுத்திரத்தின் நீல அலைகளின் நடுவே 'நெஸ்ல்ட்' ஆகியிருக்கும் புங்குடுதீவு, செழுமையான பண்பாடும் அசையாத மனவுறுதியும் கொண்ட ஒரு 'வைப்ரன்ட்' சமூகம். இரண்டு: எனினும் பல தீவுச் சமூகங்களைப் போலவே இங்குள்ளோரும் பாதுகாப்பான குடிநீரைப் பெறுவதில் கணிசமான 'சலேஞ்சஸை' எதிர்கொள்கின்றனர், இது நிலையான தீர்வின் அவசரத் தேவையை 'ஹைலைட்' செய்கிறது. மூன்று: வரலாற்று ரீதியாகச் சில பிரிவினருக்கு நீர்வளத்துக்கான அணுக்கம் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. நான்கு: ஏறத்தாழ 65 வீதமான குடும்பங்கள் பாதிக்கப்பட்டுள்ளன. ஐந்து: இது வெறும் கிணறு அல்ல, இது நம்பிக்கை, கண்ணியம், எதிர்காலம். ஆறு: ஒன்றிணைவோம், மாற்றத்தை உருவாக்குவோம்.

முதல் வேலை, சொல்லைத் தொடாதீர்கள். ஒவ்வொரு வசனத்திலும் 'புங்குடுதீவு' என்பதை எடுத்துவிட்டு 'அனலைதீவு' என்று போட்டுப் பாருங்கள். பிறகு பிலிப்பைன்ஸில் ஏதாவது ஒரு தீவைப் போட்டுப் பாருங்கள். அப்பவும் வசனம் அசையாமல் நின்றால் அது எங்களைப் பற்றிய வசனம் இல்லை. வெட்டுங்கள். ஒன்றும் ஐந்தும் ஆறும் முழுசாகப் போய்விடும். இரண்டில் 'குடிநீர்' மட்டும் மிஞ்சும். 'வைப்ரன்ட்' என்பதற்குப் பதிலாக 'லைவ்லி' போட்டுத் திருத்திவிட்டேன் என்று நினைப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். குற்றம் அந்தச் சொல்லில் இல்லை. அந்த வசனத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லாததில் இருக்கிறது.

நான்காவது வசனம் ஆபத்தானது. 65 வீதம் எங்கிருந்து வந்தது? கிராம சேவகர் தந்தாரா, நீங்கள் எண்ணினீர்களா? இல்லையென்றால் இயந்திரம் இட்டது. அது கணக்கெடுக்கவில்லை, இந்த மாதிரிக் கடிதங்களில் இந்த இடத்தில் ஒரு வீதம் வருவது வழக்கம் என்பதால் ஒன்றைப் போட்டுவிட்டது. கனடாவில் இருந்து ஒருவர் "இந்தக் கணக்கு ஆர் எடுத்தது?" என்று கேட்டால் உங்கள் கடிதத்தில் மெய்யான பகுதியும் சேர்ந்து சரியும். பெயர்களையும் இப்படிச் சோதியுங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனைப் புங்குடுதீவில் குடிவைப்பதும், காரைநகர் கசூரினாக் கடற்கரையை இங்கே இழுத்து வருவதும் இயந்திரத்துக்குப் பெரிய காரியம் இல்லை. ஆள் இல்லாத எண்ணை எடுத்துவிட்டு, நீங்களே எண்ணியதைப் போடுங்கள். "எங்கள் ஒழுங்கையில் 14 வீடு" என்பது 65 வீதத்தைவிடச் சின்னது, ஆனால் யாரும் வந்து எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது வசனத்துக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். "சில பிரிவினருக்கு அணுக்கம் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது." யார் மட்டுப்படுத்தினது? வசனத்தில் ஆள் இல்லை. மழை வரவில்லை என்பது போல அது பாட்டுக்கு நடந்திருக்கிறது. புங்குடுதீவில் நடந்தது அதுவல்ல. கண்ணகி அம்மன் கோயிலின் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் தண்ணீர் அள்ள விடப்படவில்லை. அந்த உரிமைக்காக 1971இல் சத்தியாகிரகம் நடந்தது. அதில் முன்னின்ற எழுத்தாளர் மு. தளையசிங்கம் பொலிசாரால் தாக்கப்பட்டார். 1973இல், நாற்பது வயதுக்கு முன்னமே, அவர் இறந்துபோனார். இந்தத் தீவில் தண்ணீரைப் பற்றிப் பேசினால் இதையும் பேசத்தான் வேண்டும்.

இயந்திரத்துக்குச் சாதி பார்க்கும் நோக்கம் எதுவும் கிடையாது. ஆனால் யாரையும் நோகடிக்காத, யார் மேலும் விரல் நீட்டாத வசனத்தைத்தான் அது முதலில் நீட்டும். அந்த வசனம் யாருக்கு வசதி என்று யோசியுங்கள். கிணற்றடியில் மறித்தவர்களுக்கு வசதி. மறிக்கப்பட்டவரின் பேத்தி இன்று ரொறன்ரோவில் இருந்து அந்தக் கடிதத்தை வாசித்தால், தன் குடும்பம் 'சில பிரிவினர்' ஆகிவிட்டதைத்தான் பார்ப்பாள். அதனால் திருத்தும்போது வினைச்சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து "ஆர் செய்தது?" என்று கேளுங்கள். மறுமொழி தெரிந்தால் அந்த ஆளை எழுவாயாக முன்னுக்கு வையுங்கள். சொல்லத் துணிவில்லை என்றால் வசனத்தையே எடுத்துவிடுங்கள். மழுப்பி வைத்திருப்பதைவிட அது நேர்மை.

இப்ப தாளில் அனேகமாக ஒன்றும் மிச்சமில்லை. நல்லது. இனிப் போனை வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போகிற ஒரு ஆளிடம் போங்கள். கேட்கவேண்டியது நாலைந்துதான்: எந்தக் கிணறு? எந்த மாதம் உவராகுது? அதுக்குப் பிறகு எங்க எடுக்கிறியள்? பவுசர் எப்ப வரும்? வராட்டி என்ன செய்வியள்? அவர் சொன்னதைத் தமிழில் அப்படியே எழுதுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒரு செய்திக்கு ஒரு வசனம் என்று மாற்றுங்கள். "பை ஜூலை த வெல் கோஸ் சோல்ட்டி. வீ வெயிட் ஃபோர் த பவுசர்." முன்னே இருந்த நீள வசனம் சொல்லாததை இந்த இரண்டும் சொல்லிவிட்டன. கடைசியில் 'ஹைலைட்டிங்' என்று வால் முளைக்க விடாதீர்கள். ஜூலையில் கிணறு உவராகிறது என்றால் அது என்னத்தைக் காட்டுகிறது என்று வாசிக்கிறவருக்கு விளங்கும்.

இலக்கணத்துக்கு மறுபடி இயந்திரத்திடம் கொடுக்கலாம். காலப் பிழை, ஒருமை பன்மைப் பிழையைத் திருத்தட்டும். ஆனால் திருப்பி வாங்கும்போது பக்கத்தில் பழையதை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். 'பவுசர்' என்பதை 'வோட்டர் டாங்கர் ட்ரக்' ஆக்கியிருக்கும். 'கோவில்' என்பதை 'டெம்பிள்' ஆக்கியிருக்கும். நீங்கள் வெட்டிய வாலைத் திரும்ப ஒட்டியிருக்கும். பவுசரும் கோவிலும் இலங்கை ஆங்கிலத்தில் உள்ள சொற்கள். ஊரை விட்டுப் போன தாய்தகப்பனிடம் அந்தப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த சொற்கள். அவற்றைத் திரும்பப் போடுங்கள். ஒரு சொல்லை வைத்து 'இது மெசின் எழுதினது' என்று தீர்ப்புச் சொல்வதிலும் கவனம் வேண்டும். 2024இல் 'டெல்வ்' என்ற சொல்லைக் கண்டாலே இயந்திரம் என்று அமெரிக்கத் தொழில்முனைவர் போல் கிரஹாம் எழுதப்போக, அது எங்கள் அன்றாட ஆங்கிலம் என்று நைஜீரியர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். 

இன்னும் ஒன்று: காசு கேட்கிற கடிதத்தில் காசு எவ்வளவு என்பது இரண்டாவது பந்திக்குள் வரவேண்டும். எத்தனை அடி இறைத்துத் தூர்வாருவது, மேசன் கூலி என்ன, கணக்கு யார் கையில், இதுவரை ஊரில் எவ்வளவு சேர்ந்தது. இந்த விபரங்கள் ஒன்றும் இயந்திரத்திடம் இல்லை. 'நம்பிக்கை, கண்ணியம், எதிர்காலம்' என்ற மூன்று சொல் இருந்த இடத்தில் இவை வரட்டும்.

அனுப்ப முன் ஒரு கடைசிச் சோதனை. கடிதத்தைத் தமிழில் சொல்லி, தண்ணீர் எடுக்கிற அந்த ஆளிடமே வாசித்துக் காட்டுங்கள். "நான் இப்பிடிச் சொல்லேல்லையே தம்பி" என்று அவர் எந்த இடத்தில் மறிக்கிறாரோ, அந்த வசனத்தின் மேல் கோடு கீறுங்கள்.