வெளியில் வரும் பொறி சாட்சி ஆகாது

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் டாப் கியரில் முறுக்கும்போது மட்டும் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தினால் ஐடிலிங் சீராக இருக்கும். பட்டறையில் பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, என்ஜின் மேல் வைத்து உதைப்பார்கள். நீலப்பொறி தெரியும். "கரண்ட் நல்லா வருது, கார்ப்பரேட்டர்தான்" என்று தீர்ப்பு வந்துவிடும். இந்தச் சோதனையை நம்பித்தான் எத்தனையோ கார்ப்பரேட்டர்கள் வீணாகக் கழுவப்படுகின்றன.

சோதனையின் கோளாறு எளியது. திறந்த வெளியில் 0.7 மி.மீ. இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். முழுதாக முறுக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நெருக்கி அடைபடுகின்றன. அந்த அழுத்தத்தில் அதே இடைவெளியைத் தாண்டப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்று குறைவு, அதனால் தேவையும் குறைவு. நோஞ்சான் காயிலும் அங்கே பாஸாகிவிடும்.

உள்ளே தாண்ட முடியாத மின்சாரம் சுலபமான வேறு வழியைத் தேடும். பிளக் கேப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் அதன் வழியே என்ஜினுக்கு ஓடிவிடும். ஒருமுறை ஓடினால் கரிக்கோடு விழும், அடுத்த முறை அதுவே பாதை. கடலூர் துறைமுகத்துப் பக்கமும் பரங்கிப்பேட்டையிலும் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை கூடுதல்; கேப்புக்குள் வயர் முனையில் பச்சைக் களிம்பும் பிடிக்கும்.

ஆகவே முதலில் கேப்பைப் பாருங்கள். இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, கையால் தொடாமல், கேப் மேலும் வயர் மேலும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கசிவிருந்தால் பொறி வெளியே ஓடுவது தெரியும். பிறகு என்ஜினை நிறுத்தி, கேப்பை வயரிலிருந்து திருகிக் கழற்றி, மல்டிமீட்டரில் அளவெடுங்கள். ரெசிஸ்டர் உள்ள கேப் பெரும்பாலும் 5,000 ஓம் காட்டும். அளவு எகிறினாலோ, அசைத்தால் மாறினாலோ கேப்பை மாற்றுங்கள். வயர் நீளம் இடம்கொடுத்தால் களிம்பேறிய முனையை 5 மி.மீ. வெட்டிவிட்டு மாட்டுங்கள்.

கேப் சரியென்றால் அடுத்தது ஹெச்.டி. காயில். மீட்டரில் சரியான ஓம் காட்டும் காயிலும் சூடேறியதும் உள்ளுக்குள் கசியலாம். அதனால் வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு, இடைவெளியை மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டரில் 6 மி.மீ. வைத்துப் பாருங்கள். அந்தத் தூரத்தைத் தாண்டாத பொறியை நம்பாதீர்கள். சி.டி.ஐ. யூனிட்டை மீட்டரால் தீர்மானிக்க முடியாது. அதே மாடலின் நல்ல யூனிட்டை மாட்டி, அதே சுமையில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

பெட்ரோல் கோளாறே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெட்ரோல் பற்றாக்குறையில் வண்டி மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். சோக் இழுத்தால் கொஞ்சம் தேறும். பொறி தவறினால் வெட்டு சட்டென்று விழும், ஆக்சிலேட்டரைக் குறைத்த கணமே மறையும். இந்த வித்தியாசத்தைக் கேட்காமல், சுமையில்லாத பொறியைக் காட்டிக் கார்ப்பரேட்டரைக் கழற்றுபவருக்குக் கூலி கொடுக்க வேண்டிய அவசியமில்லை.