ஒற்றும் காற்புள்ளியும்

இரும்புலியூரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கடிதங்கள் இப்போது மின்னஞ்சலில்தான் வருகின்றன. தமிழில் வருகின்றன என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரு காற்புள்ளி இருக்காது. கேட்டால், "தமிழுக்கு இதெல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்தது சார், ஓலைச்சுவடியில் ஏது?" என்பார்கள்.

உண்மைதான். சுவடியில் மெய்யெழுத்தின் மேல் புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். ஆனால் சுவடியைப் படித்தவர் பாடம் கேட்டவர். எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குக் காதிலேயே இருந்தது. உரைநடை அச்சுக்கு வந்தபோது அந்தக் காது உதவவில்லை. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்ற பழுத்த பண்டிதரே இந்தக் குறிகளைத் தம் பதிப்புகளில் தாராளமாகக் கையாண்டார். நாவலருக்குத் தேவைப்பட்டது நம் சங்கத்துக்கு வேண்டாமா?

சமீபத்தில் வந்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்:

"ஞாயிற்றுக்கிழமை சம்ப் கழுவ பணம் தராதவர்கள் செயலாளரிடம் தரவும்."

ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும்? சம்ப் கழுவுவதா, பணம் தருவதா? எங்கள் மாடியில் பாதிப் பேர் பணத்தை ஞாயிற்றுக்கிழமை தரவேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். காலை 7 மணிக்குச் சம்ப் கழுவும் ஆட்கள் வந்து நிற்கிறார்கள்; கையில் பணம் சேரவில்லை. "ஞாயித்துக்கிழமைதானே தரச் சொன்னீங்க?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டதில் தப்பே கிடையாது.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் 'கழுவ' என்ற சொல். 'கழுவ' போன்ற எச்சத்துக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: 'கழுவப் பணம்'. அந்த 'ப்' வெறும் இலக்கண அலங்காரம் அல்ல. இரண்டு சொல்லையும் சேர்த்துப் படி என்று அது சொல்கிறது. காற்புள்ளி நேர் எதிர். பிரித்துப் படி என்கிறது. ஆகவே ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்கக்கூடாது.

"ஞாயிற்றுக்கிழமை, சம்ப் கழுவப் பணம் தராதவர்கள் செயலாளரிடம் தரவும்." இப்போது ஞாயிறு பணம் தரும் நாள்.

"ஞாயிற்றுக்கிழமை சம்ப் கழுவ, பணம் தராதவர்கள் செயலாளரிடம் தரவும்." இப்போது ஞாயிறு கழுவும் நாள்.

ஒற்றும் போடாமல் புள்ளியும் போடாமல் விட்டால் படிப்பவர் தன் வசதிப்படி பிரித்துக்கொள்வார். சிலர் இரண்டையும் போடுகிறார்கள்: 'கழுவப், பணம்'. கையைப் பிடித்துக்கொண்டே போய்வா என்பது போல. ஒற்றுப் போடுவதா என்று சந்தேகம் வந்தால் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு நின்றால் காற்புள்ளி, நிற்காமல் ஓடினால் ஒற்று.

என்னைக் கேட்டால் அந்த வாக்கியத்துக்கு அரைப்புள்ளிதான் சரியான மருந்து: "சம்ப் ஞாயிற்றுக்கிழமை கழுவப்படும்; பணம் தராதவர்கள் சனிக்கிழமைக்குள் செயலாளரிடம் தரவும்." அரைப்புள்ளி எங்கே வரும் என்று தமிழில் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். 'வந்து', 'பார்த்து', 'கழுவ' என்று வினை முடியாமல் தொங்கினால் காற்புள்ளி போதும். 'வந்தார்', 'கழுவப்படும்' என்று வினை முற்றிவிட்டால், அடுத்ததும் அதே சங்கதி என்றால், அரைப்புள்ளி. முற்றிய வினைக்குப் பின் காற்புள்ளி போட்டுக்கொண்டே போகிற பழக்கம் வாட்ஸப்பில் நிறைய. 'மோட்டார் ரிப்பேர், ஆள் வருவார், தண்ணீர் வராது, மாலை வரும்' என்று எழுதினால் மாலையில் வருவது ஆளா தண்ணீரா?

அதற்காக எல்லா இடத்திலும் காற்புள்ளியைத் தூவுவதும் எனக்குப் பிடிக்காது. "நான், நேற்று, தாம்பரம், போனேன்" என்று எழுதுகிறவரை ஆஸ்துமாக்காரர் என்றுதான் நினைக்கத் தோன்றும். 'நானும் அவரும் போனோம்' என்பதிலும் வேண்டாம். 'உம்' அந்த வேலையைச் செய்துவிட்டது. ஆனால் எழுவாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆள் வந்து நின்றால் கட்டாயம் வேண்டும்: "செயலாளர், தலைவர் கொடுத்த ரசீதைக் காட்டினார்."

கோடு விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சன். நடுவில் ஒரு சங்கதியைச் செருக அது நல்லது: "செயலாளர் – அவர் ஊரில் இல்லாவிட்டால் பொருளாளர் – பணம் வாங்கிக்கொள்வார்." திறந்த கோட்டை மூட மறக்கக்கூடாது. இரு பக்கமும் இடம் விடவேண்டும். இல்லாவிட்டால் அது 'அம்மா-அப்பா' மாதிரி சொற்களை ஒட்டும் சிறுகோடாகத் தெரியும். எண்ணுக்கு முன்னால் மட்டும் கோடு வேண்டவே வேண்டாம். பராமரிப்புக் கணக்கில் 'பாக்கி -500' என்று இருந்தால் நான் 500 ரூபாய் தரவேண்டுமா, சங்கம் எனக்குத் தரவேண்டுமா? அங்கே முக்காற்புள்ளி போட்டு, 'தரவேண்டிய பாக்கி: 500 ரூபாய்' என்று எழுதிவிட்டால் பொருளாளருக்கு நாலு போன் குறையும்.