போ என்றவர்களுக்கு

'இந்த நாட்டில் தற்காலிகமாக இருப்பவர்கள், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.' 2020 ஏப்ரல் 3 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் சொன்னதன் சாரம் இது. மாணவர்களையும் சேர்த்துத்தான் சொன்னார். முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டித்தானே வந்தார்கள் என்றும் சொன்னார்.

காட்டினோம் ஐயா. விசா கேட்டபோது ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 20,290 டாலர் காட்டச் சொன்னீர்கள், காட்டினோம். அதற்காக நீடாமங்கலத்துப் பக்கம் எங்கள் வயலின் பத்திரம் வங்கிக்குப் போனது. அந்தப் பணம் முதல் ஆண்டுக்கு. நான் இருந்தது இரண்டாம் ஆண்டில். இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்யலாம் என்ற அனுமதியை விசாவிலேயே எழுதிக்கொடுத்தது நீங்கள்தான். அதை நம்பி மெல்போர்னின் கிளேட்டனில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன், வெங்காயம் நறுக்கினேன், வரி கட்டினேன். கொரோனா பரவியதால் மார்ச் 23 மதியம் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அன்று மாலையே முதலாளி என்னை அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வேலையாட்களைத் தக்கவைக்க இரண்டு வாரத்துக்கு 1,500 டாலர் தருவோம் என்று ஒரு வாரத்தில் அறிவித்தவர்கள், அந்தப் பட்டியலில் என்னைப் போன்றவர்களைச் சேர்க்கவில்லையே, அதுதான் பொறுக்கவில்லை. வெளிநாட்டு மாணவர்களால் அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு 3,700 கோடி டாலருக்கு மேல் வருகிறது என்று பெருமை பேசியவர்கள் அவர்கள்தானே?

பசியைப் பற்றிப் புலம்ப வரவில்லை. பசிக்கு வழி கிடைத்தது. சீக்கியத் தன்னார்வலர்களின் வண்டி வந்தது. முகம் தெரியாத ஒரு பெரியவர் சோறும் பருப்பும் கையில் கொடுத்து, 'பேட்டி, நாளைக்கும் வா' என்றார். அவர்கள் நல்லா இருக்கட்டும். என் குமுறல் வேறு.

என் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. வாரம் இரண்டு முறை தஞ்சாவூரில் டயாலிசிஸ், முறைக்கு நாலு மணி நேரம். சிறுநீர் வராத உடம்பில் குடிக்கும் தண்ணீரெல்லாம் தங்கும். மெஷின் எடுத்தால்தான் உண்டு. அதனால் வீட்டில் ஒரு எடை மெஷினும் ஒரு நோட்டும் இருந்தன. டிரை வெயிட் என்று நர்ஸ் சொல்வார்கள், தண்ணீர் எடுத்தபின் இருக்க வேண்டிய எடை. அப்பாவுக்கு 54 கிலோ. அடுத்த முறைக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து அந்த நோட்டை எழுதியவள் நான். மெல்போர்ன் வந்தபின் அம்மா காலையில் மெஷினில் பார்த்து போனில் சொல்வாள், நான் இங்கே குறித்துக்கொள்வேன். ஊர் நினைப்பு என்றால் அதுவரை எனக்கு அந்த அழைப்புதான். எண் ஐம்பத்தாறுக்குள் இருந்தால் அன்றைய வகுப்பு காதில் ஏறும்.

கல்லூரியில் சேர்ந்த வாரம் ஒரு கையேடு கொடுத்தார்கள். வீட்டு ஏக்கம் எல்லோருக்கும் வரும், உங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமையுங்கள், வீட்டோடு பேசுங்கள், சில வாரங்களில் சரியாகிவிடும் என்று இருந்தது. எனக்கும் அப்படித்தான் சரியானது. தூரம் பெரிய விஷயமே இல்லை. ஒன்றென்றால் கடன் வாங்கி டிக்கெட் போட்டு மறுநாள் போய் நிற்கலாம். அந்த 'போகலாம்' இருந்தவரை நான் தைரியமாகத்தான் இருந்தேன்.

மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்கள் இந்தியாவில் இறங்கக் கூடாது என்று என் நாடு சொல்லிவிட்டது. 24 மாலை தமிழ்நாட்டில் பேருந்துகள் நின்றன. தஞ்சாவூர் எங்களுக்கு வேறு மாவட்டம். தெருவில் கார் வைத்திருந்தவர் இரண்டு முறை கூட்டிப்போனார். மூன்றாம் முறை மாவட்ட எல்லையில் பாஸ் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். அப்பாவின் வீங்கிய காலைக் காட்டி அம்மா கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். 'மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போம்மா' என்றார்களாம். வீட்டுக்குப் போ என்பதை அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று 57.4. மறுநாள் 58.1.

'படுக்க மாட்டேங்கிறாரு பாப்பா. உக்காந்தேதான் இருக்காரு. படுத்தா மூச்சு முட்டுதாம்.'

உடம்பில் தேங்கிய தண்ணீர் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தெரியும். தண்ணீரைக் கொடுக்காதே, பழம் கொடுக்காதே, இளநீர் வேண்டவே வேண்டாம், பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும், 108-ஐக் கூப்பிடு. எல்லாவற்றையும் அடுக்கினேன். அம்மாவிடம் போனை வாங்கி அப்பா பேசினார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே பேசினார்.

'நீ வர்றியாம்மா?'

'விமானம் இல்லப்பா.'

'சரி சரி. நீ படி.'

இந்தியத் தூதரகத்தின் படிவத்தை நிரப்பினேன். எழுதிய மின்னஞ்சலுக்குப் பொதுவான பதில் ஒன்று வந்தது. மறுநாள் மீண்டும் நிரப்பினேன். ஒரு நாடு போ என்கிறது, இன்னொன்று வராதே என்கிறது. நடுவில் நான் சூட்கேஸைக் கட்டி வைத்துக்கொண்டு வாடகை பாக்கி உள்ள ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன். அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டது. வாந்தி எடுத்தேன், காய்ச்சல் அடித்தது. கையேடு எழுதியவர்களே, வீட்டு ஏக்கம் இதுதான். அம்மா வைக்கும் ரசத்தை நினைத்துக் கண் கலங்குவது அல்ல. அங்கே ஓர் உயிருக்கு நீ தேவை, உனக்குக் கால் இருக்கிறது, வழியை மட்டும் யாரோ கையெழுத்துப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அது தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருப்பது.

108 வந்தது. தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். அவ்வளவு பேர்கூட வரவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். இன்னொருவன் போனைப் பிடித்துக் காட்டினான். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. என் கடிகாரம் ஊர் நேரத்துக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடியது. அதே வாரம் கல்லூரியிலிருந்து கடிதம்: இந்தப் பருவக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் பதிவு ரத்தாகும், பதிவு ரத்தானால் விசாவும் பாதிக்கப்படும்.

எங்களைப் போன்றவர்களை அழைத்துவர வந்தே பாரத் விமானங்கள் மே 7-இல் தொடங்கின. ஆஸ்திரேலியாவின் முறை அந்த மாதக் கடைசியில்தான் வந்தது. டிக்கெட்டுக்கு நாங்களே பணம் கட்டினோம். ஜூனில் எனக்கு இடம் கிடைத்தது. தனிமைப்படுத்தல் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது கருமாதி முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன். போ என்று சொன்னவர்கள் போனபின் கதவைச் சாத்திக்கொண்டார்கள். விசா வைத்திருந்த மாணவர்கள் அனுமதி கேட்காமல் உள்ளே வரலாம் என்று ஆனது 2021 டிசம்பர் 15 முதல்தான். அதுவரை நீடாமங்கலத்துத் திண்ணையில் உட்கார்ந்து கணினித் திரையில் பாடம் கேட்டேன். பாடத்துக்கான கட்டணத்தை முழுசாக வாங்கிக்கொண்டார்கள். கடனுக்கு வட்டி ஓடியது.

ஏப்ரல் 3 அன்று வேறு மாதிரிப் பேசியிருக்கலாமே? போங்கள் என்று சொன்ன வாயால், இன்ன தேதியில் இன்ன விமானம், ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாமே? எங்கள் ஆட்களை அழைத்துக்கொள்ள ஒரு விமானத்தையாவது இறக்குகிறோம் என்று என் நாடு அந்த வாரமே சொல்லியிருக்கலாமே? எல்லையில் நின்றவர், பாஸைப் பார்த்த கண்ணால் அந்தக் காலையும் பார்த்திருக்கலாமே?

அந்த நாட்டுக்கு இனி போக மாட்டேன் என்று அம்மாவிடம் கத்தினேன். அவள் நோட்டை எடுத்துப் பீரோவில் வைத்துக்கொண்டிருந்தாள்.

'போய் முடிச்சுட்டு வா பாப்பா. பத்திரம் பாங்குல இருக்கு' என்றாள்.

போனேன்.