ஐந்து நூல்கள், ஐந்து பொருள்கள்

தென்னேரியில் ‘நூல்’ என்று சொன்னால், பலருக்கும் தறியில் ஏறும் நூல்தான் முதலில் நினைவுக்கு வரும். புத்தகம் அப்புறம்தான். இந்த ஆண்டு படித்தவற்றை டிசம்பரில் அடுக்கிப் பார்த்தேன். மனதில் நின்ற ஐந்து புத்தகங்களும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாதாரணப் பொருளை எடுத்துக்கொள்கிறது. அது எங்கிருந்து வருகிறது, யார் கையில் இருக்கிறது, யாருக்கு எட்டாமல் போகிறது என்று பார்க்கிறது. ஐந்துமே பழைய புத்தகங்கள். எந்தப் புத்தகம் யாருக்கு என்றும் சேர்த்தே சொல்கிறேன்.

1. நூல்: பஞ்சும் பசியும்

தொ.மு.சி. ரகுநாதன் எழுதி 1953-ல் வந்த நாவல். களம் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கைத்தறி நெசவாளர்கள். நாடு விடுதலை பெற்ற பிறகான சில ஆண்டுகளில் நடக்கிறது. நூல் விலை ஏறுகிறது, நெய்த துணி விற்காமல் தேங்குகிறது. கைத்திறன் குறையவே இல்லை, ஆனாலும் அடுப்பு எரியவில்லை.

இங்கேதான் புத்தகம் எனக்குப் பாடம் சொன்னது. நெசவாளி ஏழையாவது அவருடைய கையால் அல்ல. கைக்கு முன்னும் பின்னும் இருப்பவற்றால். முன்னால் நூல், பின்னால் சந்தை, இரண்டும் அவர் பிடியில் இல்லை. காஞ்சிப் பட்டுக்கும் இது பொருந்தும். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. அந்த விலைகளை நெசவாளி தீர்மானிப்பதில்லை. பாவையும் ஜரிகையையும் வாங்கிக்கொண்டு கூலிக்கு நெய்பவருக்குச் சேலையின் கடை விலையும் சொந்தமில்லை.

குறையும் உண்டு. நல்லவர்கள் முழுக்க நல்லவர்கள், கெட்டவர்கள் முழுக்கக் கெட்டவர்கள். சில பக்கங்கள் மேடைப்பேச்சு போலிருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டால் கதை இழுத்துப்போகும்.

யாருக்கு: தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு. முகூர்த்தப் பட்டு எடுக்கப்போகும் குடும்பங்களுக்கும்.

2. தண்ணீர்: தண்ணீர்

அசோகமித்திரனின் இந்தச் சின்ன நாவல் கணையாழியில் தொடராக வந்து 1973-ல் புத்தகமானது. சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். ஒரு தெரு, காய்ந்த குழாய்கள், நடுராத்திரியில் குடத்தோடு அலையும் பெண்கள். அவர்களுக்கு நடுவே ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் இருக்கும் டீச்சரம்மா.

ஜமுனாவின் வாழ்க்கை கெட்டுக்கிடக்கிறது. சினிமா ஆசை காட்டி ஒருவன் அவளை அலைக்கழிக்கிறான். ஆனால் விடிந்தால் அவளும் குடத்தைத் தூக்க வேண்டும். பெரிய துக்கம் வந்தாலும் தண்ணீர் வரும் நேரம் காத்திருக்காது. அந்தக் குடம்தான் அவளை மற்ற மனிதர்களோடு சேர்த்துக் கட்டுகிறது. ஆசிரியர் இதை எங்கேயும் விளக்குவதில்லை. நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. பெயரிலேயே ஏரியை வைத்திருக்கும் ஊரில் உட்கார்ந்து படிக்கும்போது இது கூடுதலாக உறைக்கிறது.

யாருக்கு: நாவல் படித்துப் பழக்கமில்லாதவர்கள் இதில் தொடங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முன்கூட்டியே ஒன்று: தற்கொலை எண்ணம் வரும் பகுதி இருப்பதால், சிறுவர்களுக்குக் கொடுக்கும் முன் பெரியவர்கள் படித்துப்பார்ப்பது நல்லது.

3. மரம்: ஒரு புளியமரத்தின் கதை

சுந்தர ராமசாமியின் முதல் நாவல், 1966-ல் வந்தது. ஊர் நாகர்கோவிலைப் போன்றது. ஒரு காலத்தில் குளத்துக்கு நடுவே நின்ற புளியமரம், குளம் தூர்க்கப்பட்டு நாற்சந்தி ஆனபின் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. தாமோதர ஆசான் என்ற கிழவர் அதன் பழங்கதைகளைச் சொல்லச் சொல்ல, இளைஞர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள்.

மரம் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. இரண்டு வியாபாரிகளின் போட்டி, நகராட்சித் தேர்தல், பத்திரிகைகள் என்று மனிதர்களின் சண்டைக்குள் அது மாட்டிக்கொள்கிறது. கடைசியில் அழிகிறது. பொது இடத்தில் இருக்கும் ஒன்று ஒரே நாளில் அழிவதில்லை என்பதை இதில் புரிந்துகொண்டேன். முதலில் அதைப் பற்றிய கதைகளைச் சொல்ல ஆளில்லாமல் போகும். அப்புறம் அது இடைஞ்சலாகத் தெரியும். அப்புறம்தான் யாராவது கைவைப்பார்கள்.

யாருக்கு: ஊர்க் குளம், கால்வாய், தோப்பு பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு. தாத்தா பாட்டியிடம் கதை கேட்கக்கூடிய வயதில் இருப்பவர்களுக்கும்.

4. உப்பு: அறியப்படாத தமிழகம்

தொ. பரமசிவனின் கட்டுரைகள். உப்பு, எண்ணெய், தேங்காய் என்று வீட்டில் கிடக்கும் பொருள்களிலிருந்து வரலாற்றைப் பிடிக்கிறார். ஒவ்வொரு கட்டுரையும் சில பக்கங்கள்தான்.

உப்பையே எடுத்துக்கொள்வோம். இறந்தவர்களுக்கான படையலில் உப்பு சேர்க்காத வழக்கத்தைக் கவனிக்கிறார். உப்பு உறவைத் தொடர வைக்கும் பொருள், உறவு முடிந்த இடத்தில் அதற்கு வேலையில்லை என்று வாசிக்கிறார். ‘சம்பளம்’ என்ற சொல்லுக்குள்ளும் நெல்லும் உப்பும் இருப்பதாகச் சொல்கிறார். அந்தச் சொல்லை வடமொழியிலிருந்து வந்ததாகக் கொள்வோரும் உண்டு. எனவே ஒவ்வொரு முடிவையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது அவர் கேட்கும் முறை: வீட்டில் ‘இப்படித்தான் செய்யணும்’ என்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும், தேடு.

யாருக்கு: பேருந்தில் பத்து நிமிடம் கிடைப்பவர்களுக்கு. கல்லூரி மாணவர்களுக்கு. சடங்குகளைச் செய்பவர்களுக்கும் அவற்றைக் கேள்வி கேட்பவர்களுக்கும் ஒருசேர.

5. ஏடு: என் சரித்திரம்

உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறு. 1940-ல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கியது. 1942-ல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. தடித்த புத்தகம்தான், ஆனால் அத்தியாயங்கள் சிறியவை.

இதில் மறக்க முடியாத இடம் 1880-ல் கும்பகோணத்தில் நடக்கிறது. கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். அவர் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்த ஒரு கேள்வியில் தொடங்கிய உழைப்பு, 1887-ல் அச்சுப் புத்தகமாக முடிகிறது.

ஏழு ஆண்டு ஏன் ஆயிற்று? ஓலை ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகவே இருக்கும். ‘ர’வும் காலும் ஒரே மாதிரி தெரியும். ஒரு வரியைச் சரியாகப் படிக்கப் பல ஊர் ஏடுகளைத் தேடி ஒப்பிட வேண்டும். பூச்சி அரித்த இடத்தை இன்னொரு ஏடுதான் நிரப்பும். நன்றாகக் கற்றவருக்கும் தெரியாத ஒன்று இருக்கலாம், அதைக் காட்டும் கேள்வியை அவமானமாக எடுக்காமல் வேலையாக எடுத்துக்கொள்ளலாம் என்பதே நான் கற்றது.

யாருக்கு: ஆசிரியர்களுக்கு. பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் மாறும் பெற்றோருக்கும். மகனின் படிப்புக்காக ஊர் ஊராக அலைந்த ஒரு தந்தை இதில் இருக்கிறார்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், முதலில் ‘தண்ணீர்’. பிறகு ‘அறியப்படாத தமிழகம்’ படித்துவிட்டு நாவல்களுக்குப் போகலாம். ‘என் சரித்திரம்’ தினம் ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால், பொங்கலுக்குத் தொடங்கிக் கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம்.